டிரிப்பா, ஊசியா, மாத்திரையா, ரத்தப் பரிசோதனையா: களைப்புக்கு எது முதலில்?

என் சித்தி மகளுக்கு 36 வயது. இரவும் பகலும் மாறி மாறி வரும் வேலை. ஓய்வு நாட்களில் நீண்ட தூரம் ஓடுவாள். போன வருடம் நான்கு மாதமாக அவளுக்கு விடாத களைப்பு. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு கனக்கிறது, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஓடிவிட்டு வந்தால் மூன்று நாளுக்குக் கால் வலி தீரவில்லை என்று சொன்னாள். ஒரு நாள் ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். 'எனர்ஜி அண்டு ரெக்கவரி டிரிப்', வாரம் ஒன்று, ஆறு வாரம். கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அக்கா, இதப் போட்டுக்கலாமா? இல்ல வெறும் பி12 ஊசி மட்டும் போதுமா?"

நான் மருத்துவமனையில் மருந்தாளுநர். பாட்டிலில் எதை எவ்வளவு கலப்பது, எதோடு எதைக் கலக்கக் கூடாது என்று பார்ப்பதுதான் என் வேலை. அதனால் 'போட்டுக்கோ' என்றோ 'வேண்டாம்' என்றோ உடனே சொல்லாமல், அதில் உள்ள பொருட்களின் பட்டியலை வாங்கி அனுப்பச் சொன்னேன். பட்டியல் வந்ததும் இருவரும் உட்கார்ந்து அதை வரி வரியாகப் படித்தோம். அவள் முன் உண்மையில் நான்கு வழிகள் இருந்தன: டிரிப், தசையில் போடும் பி12 ஊசி, வாயால் சாப்பிடும் மாத்திரை, முதலில் ரத்தப் பரிசோதனை. அவள் கேட்டது முதல் இரண்டை மட்டும்தான்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

அந்தப் பட்டியல் எனக்குப் பழக்கமான ஒன்றுதான். உலகம் முழுக்க இப்படி விற்கப்படும் டிரிப்களில் பெரும்பாலானவை 'மையர்ஸ் காக்டெயில்' என்ற கலவையின் வாரிசுகள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் மையர்ஸ் என்ற மருத்துவர் பல வருடங்கள் தன் நோயாளிகளுக்கு வைட்டமினும் தாதுவும் கலந்த ஊசியைப் போட்டு வந்தார். 1984-இல் அவர் இறந்ததும் அவருடைய நோயாளிகள் சிலர் ஆலன் கேபி என்ற மருத்துவரிடம் வந்தார்கள். மையர்ஸ் ஒவ்வொரு பொருளையும் எவ்வளவு கலந்தார் என்பது சரியாகத் தெரியாததால், கேபி தானாக ஒரு கலவையை வகுத்துக்கொண்டு, 2002-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்தக் கட்டுரை பெரும்பாலும் அவருடைய சொந்த அனுபவத்தின் தொகுப்பு. ஒப்பிட்டுச் சோதித்துக் கண்டுபிடித்த அளவுகள் அல்ல அவை. சிரிஞ்சில் எடுத்து மெதுவாகச் செலுத்திய அந்தக் கலவை, பின்னாளில் சலைன் பாட்டிலுக்குள் போய்விட்டது.

இவள் அனுப்பிய பட்டியலில் இருந்தவை: அரை லிட்டர் சலைன், வைட்டமின் சி 5 கிராம், பி12 1000 மைக்ரோகிராம், பி6 100 மில்லிகிராம், பி காம்ப்ளெக்ஸ் ஒரு மில்லி, மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளுக்கோனேட். கேட்க நிறைந்ததாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் உடம்பின் ஒரு நாள் தேவைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கால்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீத கால்சியம் குளுக்கோனேட்டில் ஒரு மில்லிக்கு 9 மில்லிகிராம் சொச்சம்தான் கால்சியம். மூன்று மில்லி கலந்தாலும் 28 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 1000 மில்லிகிராம். மெக்னீசியமும் அப்படித்தான். வழக்கமாகக் கலக்கும் அளவில் உண்மையான மெக்னீசியம் 50 முதல் 120 மில்லிகிராம். ஒரு நாள் தேவை 300-க்கு மேல். ஒரு நாளில் சாப்பிடும் உணவிலிருந்தே இதைவிட அதிகமாக உடம்புக்குக் கிடைத்துவிடும்.

வைட்டமின்களோ நேர் எதிர். பி12-க்கு ஒரு நாள் தேவை 2.4 மைக்ரோகிராம், பாட்டிலில் இருப்பது அதைப் போல 400 மடங்கு. பி6-க்குத் தேவை 1.3 மில்லிகிராம், பாட்டிலில் இருப்பது 100. ஆக, அன்றாடம் நிறைய வேண்டிய தாதுக்கள் இதில் துளிதான். துளி அளவே வேண்டிய வைட்டமின்களோ மலைபோல இருக்கின்றன.

அப்புறம் யாரும் கவனிக்காத ஒன்று உப்பு. சலைன் என்பது லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைந்த தண்ணீர். அரை லிட்டரில் நாலரை கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 5 கிராம்தான். நல்ல சிறுநீரகம் அதை ஓரிரு நாளில் வெளியேற்றிவிடும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அது அவ்வளவு லேசான விஷயம் இல்லை.

நேராக ரத்தத்தில் ஏற்றினால் என்ன கிடைக்கும்

"வாயால சாப்பிட்டா பாதிதான் சேருமாம், இதுல நூறு சதவீதமும் சேருமாம்" என்றாள். பிரசுரத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த வாக்கியம் பொய் இல்லை. ரத்தத்தில் சேர்வது வேறு, உடம்பில் தங்குவது வேறு என்பதை மட்டும் அது சொல்லாமல் விட்டுவிட்டது.

வைட்டமின் சி-யில் இது தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அதைத்தான் மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்க் லெவின் குழுவினர் ஆரோக்கியமான இளைஞர்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, படிப்படியாக அளவைக் கூட்டிக் கொடுத்து ரத்தத்தை அளந்தார்கள். 1996-இல் வந்த அந்த முடிவுகளின்படி, 200 மில்லிகிராம் வாயால் கொடுத்தபோது கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போனது. ஆயிரத்தைத் தாண்டியபோது பாதிக்கும் குறைவாகத்தான் போனது. விளம்பரம் சொல்லும் 'பாதிதான் சேரும்' என்பது இந்த இரண்டாவது நிலைமை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நோய் எதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளணுக்கள், நாளுக்கு 100 மில்லிகிராம் கிடைத்தாலே தங்கள் கொள்ளளவை எட்டிவிடுகின்றன. அதற்குமேல் ரத்தத்தில் எவ்வளவு ஏற்றினாலும் அவை கூடுதலாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்படியானால் டிரிப்பில் போகும் 5 கிராம் என்ன ஆகிறது? ரத்தத்தில் வைட்டமின் சி-யின் அளவு வாயால் எட்டவே முடியாத உயரத்துக்கு ஏறும், அது உண்மை. 1.25 கிராமை ரத்தத்தில் ஏற்றியபோதே, அதே அளவை வாயால் கொடுத்ததைப் போல ஆறு மடங்குக்கும் மேல் உச்சம் கிடைத்திருக்கிறது. ஆனால் சிறுநீரகத்துக்கு ஒரு எல்லை உண்டு. அதற்கு உட்பட்டதைத்தான் வடிகட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைச் சிறுநீரில் விட்டுவிடும். சில மணி நேரத்தில் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. குடல் கொஞ்சமாக உள்ளே விடுவது அதன் பலவீனம் என்று விளம்பரம் காட்டுகிறது. அது உண்மையில் வாசலில் நிற்கும் காவல். ஊசி அந்தக் காவலைத் தாண்டிப் போகிறது, பிறகு சிறுநீரகம் இரட்டை வேலை பார்த்து அதை வெளியேற்றுகிறது.

இந்த அளவை ஒரு நிஜ மருந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்தத்தில் ஏற்றும் வைட்டமின் சி-க்கு அமெரிக்க உணவு மருந்துத் துறை 2017-இல் ஒப்புதல் தந்திருக்கிறது. எதற்கு? ஸ்கர்வி என்ற கடுமையான வைட்டமின் சி குறைபாட்டு நோய்க்கு. அதற்குப் பெரியவர்களுக்கான அளவு நாளுக்கு 200 மில்லிகிராம், அதிகபட்சம் ஒரு வாரம். பல்லும் ஈறும் ஆட்டம் கண்ட நோயாளிக்கு 200 மில்லிகிராம் போதும் என்றால், ஓடிவிட்டு வந்த என் தங்கைக்கு 5 கிராம் எதற்கு?

ஓட்டத்துக்குப் பிறகு மீள்வதற்கு?

'ரெக்கவரி' என்ற சொல்தான் அவளை அதிகமாக இழுத்தது. வியர்வையில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்ட, வாந்தி இல்லாத, விழுங்க முடிகிற ஆளுக்குக் குடிப்பதே போதும். வாயால் குடித்தவர்களையும் ரத்தத்தில் ஏற்றிக்கொண்டவர்களையும் ஒப்பிட்ட சோதனைகளில், அடுத்த உடற்பயிற்சியின் செயல்திறனில் டிரிப்புக்குத் தெளிவான முன்னிலை கிடைக்கவில்லை. நிற்காத வாந்தி, நினைவு தடுமாறல், வெப்பத்தாக்கு என்றால் அது வேறு கதை. அவருக்கு வேண்டியது மருத்துவமனை.

போட்டிகளில் ஓடுபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விதிப்படி, 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் ரத்தத்தில் ஏற்றுவதே தடைசெய்யப்பட்ட முறை. உள்ளே இருப்பது வெறும் சலைனாக இருந்தாலும் இதே விதிதான். மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, நோயறியும் பரிசோதனை ஆகியவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. அவள் பெயர் கொடுத்திருந்த ஓட்டப்போட்டிக்கும் அந்த விதி பொருந்தும் என்பது அவளுக்குத் தெரியாது.

ஆனால் போட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்களே

இது நியாயமான கேள்வி. அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஒரு மணி நேரம் செல்பேசியை வைத்துவிட்டு சாய்ந்த நாற்காலியில் படுக்கிறார்கள். அரை லிட்டர் நீர் உள்ளே போகிறது. மெக்னீசியம் போகும்போது உடம்பெங்கும் ஒரு வெதுவெதுப்பு பரவும், அது 'வேலை செய்கிறது' என்ற உணர்வைத் தரும். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவதும் அப்படித்தான். அது பி2 வெளியேறும் நிறம். மேலும், களைப்பு மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் யாரும் டிரிப்பைத் தேடிப் போவார்கள். அடுத்த வாரம் தானாகவே கொஞ்சம் தேறியிருக்கும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். உடம்பு முழுக்க வலியும் களைப்பும் தரும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 34 பேரை இரண்டாகப் பிரித்து, எட்டு வாரம், வாரம் ஒரு முறை, ஒரு பகுதிக்கு மையர்ஸ் கலவையும் மற்றவர்களுக்கு வெறும் உப்புக் கரைசலும் ஏற்றினார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. 2009-இல் முடிவு வந்தது. இரு பக்கமும் தேறியிருந்தார்கள், இரு பக்கத்துக்கும் இடையில் நம்பத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. சிறிய சோதனைதான், அதை வைத்து எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'போட்ட பிறகு நன்றாக இருந்தது' என்ற அனுபவத்தை உண்டாக்க வைட்டமினே தேவையில்லை என்பதை அது காட்டுகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு இந்த டிரிப் உண்மையில் தெம்பு தருகிறது என்று காட்டும் தரமான சோதனை எதையும் நான் பார்த்ததில்லை.

பி12 ஊசி: யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் குத்து

பி12 ஊசியை நான் டிரிப்போடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். தேவைப்பட்டவர்களுக்கு அது அருமையான மருந்து. குறைபாடு இருந்தால் களைப்பு, நாக்கில் எரிச்சல், கால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், மறதி எல்லாம் வரும். காலம் தாழ்த்தினால் நரம்புப் பாதிப்பு முழுவதும் திரும்பாமலே போகலாம். பல வருடமாக விலங்கு உணவு எதையும் தொடாதவர்கள், இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நீண்ட காலமாக எடுப்பவர்கள், அமிலம் குறைக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிடுபவர்கள், வயதானவர்கள் ஆகியோருக்கு இந்தக் குறைபாடு வர வாய்ப்பு அதிகம்.

இதில் எதுவும் பொருந்தாத ஒருவரின் ஈரலில் ஏற்கனவே சில மில்லிகிராம் பி12 சேமிப்பில் இருக்கும், வருடக்கணக்கில் வரக்கூடிய அளவு. அவருக்கு 1000 மைக்ரோகிராம் சயனோகோபாலமின் ஊசி போட்டால், அதில் பாதிக்கு மேல், சில நேரம் கிட்டத்தட்ட எல்லாமே, இரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். இது அந்த ஊசியின் மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது.

குறைபாடு இருப்பவருக்கும் ஊசிதான் ஒரே வழியா? பெரும்பாலும் இல்லை. இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தின் துணையோடு ஒரு வேளைக்கு இரண்டு மைக்ரோகிராம் போலத்தான் பி12 உள்ளே போகும். ஆனால் அந்தத் துணை இல்லாமலே, கொடுத்ததில் சுமார் ஒரு சதவீதம் குடல் சுவர் வழியாகத் தானாகக் கசிந்து செல்லும். 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் ஒரு சதவீதம் என்றால் 10 மைக்ரோகிராம், நாள் தேவையைப் போல நான்கு மடங்கு. அதனால்தான் அந்தப் புரதமே சுரக்காதவர்களுக்குக்கூட அதிக அளவு மாத்திரை பலன் தருகிறது. நரம்புப் பாதிப்பு தொடங்கிவிட்டவர்களுக்கு மட்டும் தாமதிக்காமல் ஊசியில் தொடங்குவதே வழக்கம்.

நான் அவளிடம் அழுத்திச் சொன்னது வேறு ஒன்று. ஊசி போட்ட பிறகு ரத்தத்தில் பி12 பார்த்தால் அது உயர்ந்துதான் இருக்கும். முன்னால் குறைவாக இருந்ததா, இருந்தால் ஏன், என்ற கேள்விக்கு அதன் பிறகு சுலபமாகப் பதில் கிடைக்காது. முடிக்காகச் சேர்க்கும் பயோட்டினும் இப்படித்தான். அதிக அளவில் எடுத்தால் தைராய்டு பரிசோதனையின் எண்களையே தவறாகக் காட்டக்கூடியது. மாரடைப்பைக் கண்டறியும் டிரோப்போனின் பரிசோதனையையும் அது குழப்பலாம் என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2017-இல் எச்சரித்தது. ஆகவே ஊசியோ டிரிப்போ போட எண்ணம் இருந்தாலும், ரத்தம் கொடுப்பது அதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

மாத்திரை

ஒப்பீட்டில் மாத்திரை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குறைபாடு இல்லாதவருக்கு அதுவும் தெம்பு தராது. ஆனால் தவறாகப் போனாலும் அதன் தீங்கு மெதுவாக வரும், நிறுத்த நேரம் இருக்கும். ஒரு விதிவிலக்கு பி6. அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே கை கால் விரல்களில் மரமரப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாதுகாப்பான மேல்வரம்பை நாளுக்கு 12 மில்லிகிராமாகக் குறைத்தது. வாரம் ஒரு டிரிப், தினம் ஒரு மல்டிவைட்டமின், நடுவில் எனர்ஜி பானம் என்று போகிறவர் மூன்றிலும் பி6 இருப்பதைக் கூட்டிப் பார்ப்பதே இல்லை. விரல் மரத்துப்போனதும் 'பி வைட்டமின் குறைவு போல' என்று இன்னும் ஒரு ஊசி போட்டுக்கொள்பவர்களும் உண்டு.

ஊசி முனையில் இருக்கும் ஆபத்து

டிரிப்பையும் மாத்திரையையும் பிரிப்பது மருந்தைவிட அது போகும் வழிதான். விழுங்கியதில் கிருமி இருந்தால் இரைப்பை அமிலமும் குடலும் குறுக்கே நிற்கும். ரத்தத்தில் ஏற்றியதில் கிருமி இருந்தால் எதுவும் நிற்காது.

மருத்துவமனையில் நாங்கள் இப்படிக் கலப்பது வடிகட்டிய காற்று ஓடும் பெட்டிக்குள், கையுறையும் முகக்கவசமும் அணிந்து. அந்த வசதி இல்லாத இடத்தில் அவசரத்துக்குக் கலந்தால், கலந்த நான்கு மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கிவிட வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதி. ஒரு முறைக்கான குப்பியை ஒரே ஆளுக்குத்தான் பயன்படுத்த வேண்டும். பல முறைக்கான குப்பியைத் திறந்தால் அதன் மேல் தேதி எழுதி, 28 நாளில் எறிந்துவிட வேண்டும். ஒரு டிரிப்புக்கு ஆறேழு குப்பிகளை ஊசியால் குத்த வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு குத்தும் கிருமி நுழைய ஒரு வாய்ப்பு.

2021-இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை, சுகாதாரமற்ற சூழலில் இப்படி மருந்து கலக்கும் இடங்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அதில் சொல்லப்பட்ட ஒரு சம்பவம்: வீட்டிலேயே வைட்டமின் டிரிப் ஏற்றிக்கொண்ட ஒரு பெண், ரத்தத்தில் நச்சுக்கிருமி பரவிப் பல உறுப்புகள் செயலிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் தேடிப் போனது தெம்பு.

கிருமியைத் தவிர, பி1 என்னும் தயமினை ரத்தத்தில் செலுத்தும்போது அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பு பல முறை போட்டு ஒன்றும் ஆகாதவருக்கும் வரலாம். அந்த நிமிடத்தில் கையெட்டும் தூரத்தில் அட்ரினலின் ஊசியும், அதைப் போடத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். மெக்னீசியத்தை வேகமாக விட்டால் ரத்த அழுத்தம் சரியும். பொட்டாசியம் கலந்திருந்து அதை வேகமாக விட்டால் இதயமே நின்றுபோகலாம்.

வைட்டமின் சி அதிக அளவில் போகும்போது மூன்று பேர் தனியாகக் கவனிக்க வேண்டும். முதலாவது, சிறுநீரகக் கல் வந்தவர்களும் சிறுநீரகம் பலவீனமானவர்களும். உடம்பில் வைட்டமின் சி-யின் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறி, சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்க வைத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இரண்டாவது, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்கள். இவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப் போகலாம். பலருக்குத் தங்களுக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது. மூன்றாவது, சர்க்கரை நோயாளிகள். வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் கருவிகள் சில, ரத்தத்தில் இருக்கும் வைட்டமின் சி-யைச் சர்க்கரை என்று எண்ணி அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உண்மையான சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும்.

பரிசோதனையில் என்ன வந்தது

அவள் டிரிப்பைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடம் போனாள். மருத்துவர் தூக்கம், வேலை நேரம், மனநிலை, மாதவிலக்கு எல்லாம் கேட்டார். ஒரு வருடமாக மாதவிலக்கின்போது ரத்தப்போக்கு அதிகம் என்பதை அவள் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னாள். ரத்த அணுக்கள், ஃபெரிட்டின், பி12, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், இவ்வளவுதான் பார்த்தார்கள்.

ஹீமோகுளோபின் 12.4, சரியான அளவுக்குள். பி12 நன்றாக இருந்தது. தைராய்டும் சரி. ஃபெரிட்டின் 9. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண் அது. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. சோகை இன்னும் வரவில்லை, ஆனால் களஞ்சியம் காலி.

அந்த டிரிப் பட்டியலை நாங்கள் மறுபடி எடுத்துப் பார்த்தோம். அதில் இரும்பு ஒரு துளிகூட இல்லை. ஆறு வாரம் தவறாமல் போயிருந்தாலும் அவளுக்கு இல்லாத ஒரே பொருள் கிடைத்திருக்காது. ரத்தப்போக்கு மட்டும் தொடர்ந்திருக்கும்.

சோகை இல்லாத நிலையிலும் இரும்பு உதவுமா என்று கேட்டாள். இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியாகவும் ஃபெரிட்டின் 50-க்குக் கீழும் இருந்த, களைப்பால் அவதிப்பட்ட 198 பெண்களுக்கு 12 வாரம் இரும்பு மாத்திரையோ போலி மாத்திரையோ கொடுத்தார்கள். 2012-இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்தது. களைப்பின் அளவு இரும்பு சாப்பிட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட 48 சதவீதம் குறைந்தது, போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 29 சதவீதம். இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள். ஒன்றும் இல்லாத மாத்திரையே களைப்பை அவ்வளவு குறைக்கும். டிரிப் போட்டவர்கள் சொல்லும் நன்மையைப் பெரும்பாலும் இந்த 29-க்குள் அடக்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

மருத்துவர் 60 மில்லிகிராம் இரும்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுதித் தந்தார். தினமும் எடுத்தால், உடம்பு ஒரு ஹார்மோனைச் சுரந்து அடுத்த நாள் இரும்பை உள்ளே விடுவதைக் குறைத்துக்கொள்ளும், அதனால் இடைவெளி. அதிக ரத்தப்போக்குக்கும் தனியாக மருத்துவம் தொடங்கியது. ஆறாவது வாரம் மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. மூன்று மாதத்தில் ஃபெரிட்டின் 34. இரவுப் பணி வாரங்களில் களைப்பு இன்னும் வருகிறது. அதற்கு இரும்பும் மருந்தில்லை.

எல்லோருக்கும் இப்படி ஒரு எண் அகப்பட்டுவிடாது. எல்லாம் சரியாக வந்து, காரணம் தூக்கக் குறைவாகவோ, மன அழுத்தமாகவோ, குறட்டையோடு வரும் மூச்சுத்தடையாகவோ, அளவுக்கு மீறிய பயிற்சியாகவோ இருக்கலாம். அப்போதும் டிரிப் அந்தக் காரணத்தைத் தொடாது. காரணம் தெரியாத களைப்போடு எடை குறைதல், காய்ச்சல், இரவில் வியர்த்துக் கொட்டுதல், மலத்தில் ரத்தம், நெஞ்சு வலி ஏதாவது இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இதையெல்லாம் படித்தும் போடத்தான் போகிறேன் என்றால்

என் கூட வேலை செய்பவர் ஒருவரே அப்படிச் சொன்னார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் சிறுநீரகம், இதயம், ஒவ்வாமை, ஜி6பிடி, சாப்பிடும் மருந்துகள், கர்ப்பம் பற்றி ஒரு மருத்துவர் கேட்காமல் ஊசி போட வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எதில் எவ்வளவு மில்லிகிராம் என்று எழுதிக் கேளுங்கள். 'எங்கள் சிறப்புக் கலவை' என்பது பதில் இல்லை. குப்பிகளை உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள். அட்ரினலின் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், எடுத்துக் காட்டத் தயங்கினால் அங்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது தொண்டை இறுகினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ, ஊசி போட்ட இடம் வீங்கி எரிந்தாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சுத் திணறலும் தொண்டை இறுக்கமும் அவசர மருத்துவம் வேண்டிய நிலை, அங்கேயே படுத்துக் காத்திருக்கக் கூடாது.

முடிந்து வந்த பிறகு, சில மணி நேரத்திலோ அடுத்த இரண்டு மூன்று நாளிலோ குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், குழாய் போட்ட இடம் சிவந்து கோடாக மேலேறினால், சிறுநீர் குறைந்தாலோ கறுத்தாலோ, டிரிப் போட்ட இடத்துக்குப் போகாமல் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக, இன்ன நாளில் ரத்தத்தில் வைட்டமின் ஏற்றிக்கொண்டேன் என்று சொல்லுங்கள். பலர் கூச்சப்பட்டு அதை மறைத்துவிடுகிறார்கள். பொருட்களின் பட்டியலும் குப்பிகளின் தொகுதி எண்களும் கையில் இருந்தால் கூடவே கொண்டுபோங்கள். எந்தக் கிருமியைத் தேடுவது, சர்க்கரையை எந்தக் கருவியில் பார்ப்பது என்று அங்கே இருப்பவர்கள் முடிவு செய்ய அது உதவும்.